காய்ச்சல் தானாக இறங்கிய பிறகு

1961 ஜனவரியில், டோக்கியோவின் ஹிரோ பகுதியில் இருந்த செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனைக்கு நான்கு வயது மூன்று மாதமான சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். விடாத காய்ச்சல். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை. உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. உடம்பெல்லாம் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டு. அவனைப் பார்த்தவர் தோமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர். அவருக்குத் தெரிந்த எந்த நோயோடும் இது ஒத்துப்போகவில்லை. நாளடைவில் காய்ச்சல் இறங்கியது, சிறுவன் தேறினான், வீட்டுக்குப் போனான். அவனுடைய குறிப்பேட்டில் கவாசாகி எழுதிவைத்தது: நோய் இன்னதென்று தெரியவில்லை.

மறு ஆண்டு அதே மாதிரி இன்னொரு குழந்தை வந்தது. இரண்டாவதைப் பார்த்ததும்தான் முதலாவது விதிவிலக்கல்ல என்று அவருக்கு உறைத்தது. 1962-இல் ஏழு குழந்தைகளின் விவரங்களை ஒரு மருத்துவக் கூட்டத்தில் எடுத்துவைத்தார். ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒரு நோயின் மாறுவேஷம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவர் விடவில்லை. 1967-இல் ஐம்பது குழந்தைகளைப் பற்றிய நீண்ட கட்டுரையை ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். (நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய பைக்கோடு இந்தப் பெயரை முடிச்சுப் போட வேண்டாம். ஜப்பானில் அது பரவலான குடும்பப் பெயர்.)

அந்தக் கட்டுரை எழுதிய நாளில் கவாசாகியே ஒன்றைத் தவறாகக் கணித்திருந்தார். இது பார்க்கப் பயமுறுத்தும், ஆனால் தானே வந்து தானே போய்விடும், பின்விளைவு ஏதும் கிடையாது என்று நம்பினார். அப்படி நம்ப அவருக்குக் காரணம் இருந்தது. அவர் கண்ணெதிரே குழந்தைகள் குணமாகித்தானே வீட்டுக்குப் போனார்கள்?

1970-இல் ஜப்பான் முழுக்கக் கணக்கெடுத்தபோது கதை மாறியது. இந்த நோய் வந்து தேறிய குழந்தைகளில் சிலர், நோய் இறங்கிய பிறகு, திடீரென்று இறந்திருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பத்துக் குழந்தைகளின் பிரேதப் பரிசோதனைகள் பதிவாகியிருந்தன. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகள் பலூன் போல வீங்கி, அந்த வீக்கத்துக்குள் ரத்தம் உறைந்து கிடந்தது. பால்பல் விழாத குழந்தைகள் மாரடைப்பில் போயிருந்தார்கள்.

இன்றும் கவாசாகி நோயில் பெற்றோரையும் சில சமயம் மருத்துவரையும் ஏமாற்றும் இடம் அதுதான். மருந்தே கொடுக்காவிட்டாலும் காய்ச்சல் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாளில் தானாக இறங்கிவிடும். வீடு நிம்மதிப் பெருமூச்சு விடுகிற அந்த நாட்களில்தான் தமனி வீங்கிக்கொண்டிருக்கும்.

அது எப்படி என்று பார்ப்போம். கவாசாகி நோய் ரத்தக்குழாய்ச் சுவரில் வரும் அழற்சி. கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் தமனியின் சுவருக்குள்ளேயே நுழைந்து அதைத் தாக்குகின்றன. உடலின் நடுத்தர அளவுத் தமனிகள் பலவும் இதில் மாட்டலாம். ஆனால் கரோனரி தமனிகளின் மேல் இதற்குத் தனிப் பகை. இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தக் குழாயின் விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். அதன் சுவரில் ரப்பர் போல இழுபட்டு மீளும் நார்களால் ஆன அடுக்கு ஒன்று உண்டு. முதல் இரண்டு வாரத்தில் அழற்சி கடுமையாக இருந்தால் அந்த அடுக்கு அரித்துப் போகிறது. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து அழுத்தம் வருகிறது. தாங்கும் நார் இல்லாத இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் புடைக்கிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு பக்கம் மட்டும் நைந்து குமிழ் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

குமிழ் விட்டதோடு போவதில்லை. நேராக ஓடிய ரத்தம் அந்தப் புடைப்புக்குள் சுழன்று தேங்குகிறது. கெட்ட நேரமாக, நோயின் இரண்டாம் மூன்றாம் வாரங்களில்தான் ரத்தத்தில் தட்டணுக்கள் தாறுமாறாக ஏறுகின்றன. தேங்கிய ரத்தம், அளவுக்கு மீறிய தட்டணுக்கள், புண்ணான சுவர் மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போது ரத்தம் உறைய வேறொன்றும் தேவையில்லை.

லண்டனின் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் 1871-இல் சாமுவேல் கீ என்ற மருத்துவர், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் இதயத் தமனிகளில் வீக்கங்களைக் கண்டு பதிவுசெய்தார். அதுவும் இந்த நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று பின்னாளில் பலர் கருதினார்கள். நோய் பழையது, பெயர்தான் புதிது.

எதனால் வருகிறது? நோய்க்குப் பெயர் வைத்து அரை நூற்றாண்டு கடந்தும் இதற்கு உறுதியான விடை கண்டுபிடிக்கப்படவில்லை. மரபிலேயே இதற்கு இடங்கொடுக்கும் தன்மை உள்ள குழந்தையிடம் ஏதோ ஒரு தொற்று பொறியைத் தட்டிவிடுகிறது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஜப்பானில் 1979, 1982, 1986 ஆண்டுகளில் கொள்ளைநோய் போலவே அலையலையாக வந்தது தொற்றைக் காட்டுகிறது. ஹவாயில் குடியேறிய ஜப்பானிய வம்சாவளிக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருவது மரபைக் காட்டுகிறது. ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு ஒட்டுவதில்லை. பாதிக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் அதிகம்.

காரணம் தெரியாததால் இதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனையும் கிடையாது. டெங்குவுக்கு இருப்பது போல ‘பாசிட்டிவ்’ என்று வரும் சீட்டு இதற்கு வராது. மருத்துவர் கண்ணால் பார்த்து, நாளை எண்ணி, கூட்டிக் கழித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். ஐந்து நாளோ அதற்கு மேலோ காய்ச்சல். அதோடு ஐந்து அடையாளங்களில் நான்கு. இதுவே கவாசாகி காலத்திலிருந்து வரும் அளவுகோல். அந்த ஐந்தையும் வரிசையாக ஒப்பிப்பதைவிட, அவை ஒரு குழந்தையின் மேல் எப்படி வந்து போகின்றன என்று பார்த்தால் நன்றாக மனதில் நிற்கும். கீழே வருவது ஒரு தனிக் குழந்தையின் கதையல்ல, இந்த நோயின் வழக்கமான போக்கை வைத்துக் கோத்தது.

இரண்டு வயதுப் பையன், எடை 12 கிலோ. திங்கட்கிழமை 103 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்தால் சற்று இறங்கி மறுபடி ஏறுகிறது. இரண்டாம் நாள் கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். பொன்னுக்கு வீங்கி என்கிறார் பாட்டி. நெறிகட்டு என்று சொல்லி ஆன்டிபயாடிக் எழுதித் தருகிறார் பக்கத்துத் தெரு மருத்துவர். மூன்றாம் நாள் மார்பிலும் தொடை இடுக்கிலும் சிவந்த தடிப்பு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆன்டிபயாடிக்கை மாற்றுகிறார்கள். அன்று மாலை கண்கள் இரண்டும் சிவக்கின்றன. ‘மெட்ராஸ் ஐ’ என்று சொட்டு மருந்து வருகிறது. ஆனால் மெட்ராஸ் ஐயில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். இங்கே கண் உலர்ந்து சிவந்திருக்கிறது, கருவிழியைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளை வளையம் மட்டும் மிச்சம். நான்காம் நாள் உதடு வெடித்து ரத்தம் கசிகிறது. நாக்கு, ஸ்ட்ராபெரிப் பழத்தோல் போலச் சிவந்து முள்முள்ளாக இருக்கிறது. பையன் சாப்பாட்டைத் தொட மறுக்கிறான். ஐந்தாம் நாள் உள்ளங்கையும் பாதமும் சிவந்து உப்பியிருக்கின்றன. நிற்கவைத்தால் அழுகிறான். எந்தச் சமாதானத்துக்கும் அடங்காத அந்த எரிச்சலான அழுகையை, இந்த நோயைப் பலமுறை பார்த்த மருத்துவர்கள் வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஐந்தாம் நாள் வேறொரு மருத்துவரிடம் போகிறார்கள். அதற்குள் கழுத்து வீக்கம் வற்றியிருக்கலாம், தடிப்பு மங்கியிருக்கலாம். அவர் பார்ப்பது கதையின் ஒரு பக்கத்தை மட்டும். அடையாளங்கள் ஒரே நாளில் கூடிவர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒன்று வந்து மறைந்த பிறகு மற்றொன்று வரலாம், எல்லாமே கணக்கில் சேரும். ஆகவே கைப்பேசியில் தினமும் கண், நாக்கு, கை, கால், முதுகு என்று படம் பிடித்து வைத்திருக்கும் தாய், மருத்துவருக்குப் பெரிய உதவி செய்கிறார்.

நம் நாட்டில் இன்னொரு தடயமும் கிடைக்கும். இங்கே பிறந்ததும் குழந்தையின் இடது கையில் பிசிஜி தடுப்பூசி போடுகிறோம். கவாசாகி நோய் வந்த சில குழந்தைகளுக்கு, மாதங்களுக்கு முன் ஆறிப்போன அந்தத் தழும்பு திடீரென்று சிவந்து தடிக்கும். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. ஆனால் விடாத காய்ச்சலோடு தழும்பும் சிவந்திருந்தால் அதை அலட்சியம் செய்வதற்கில்லை. பிசிஜி போடாத நாடுகளின் மருத்துவர்களுக்கு இந்த வசதி இல்லை.

ரத்த அறிக்கையும் வழிகாட்டும், தனியாக அல்ல, துணையாக. அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் ஈஎஸ்ஆரும் எகிறியிருக்கும். ஆல்புமின் குறைந்திருக்கும். சிறுநீரில் சீழணுக்கள் தெரியும், ஆனால் கல்ச்சர் வைத்தால் கிருமி எதுவும் வளராது. சிறுநீர்த் தொற்று என்ற முடிவுக்கு வந்து பல நாட்கள் வீணாவது இந்த ஒரு வரியால்தான். டெங்குவில் தட்டணுக்கள் சரியும். கவாசாகியில் முதல் வாரத்துக்குப் பிறகு அவை நாலரை லட்சத்தைத் தாண்டி ஏறும். விரல் நுனியில் நகத்தை ஒட்டித் தோல் உரியத் தொடங்குவது இரண்டாம் மூன்றாம் வாரத்தில். பாடப் புத்தகத்தில் அந்தப் படம் பிரபலம். ஆனால் தோல் உரிந்த பிறகு நோயைக் கண்டுபிடிப்பது, ரயில் போன பிறகு டிக்கெட் எடுப்பதுதான்.

கைக்குழந்தைகள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பல சமயம் காய்ச்சலும் ஒன்றிரண்டு அடையாளங்களும் மட்டுமே இருக்கும். முழு வடிவம் எடுக்காத இந்த வகையை லேசான நோய் என்று நினைத்துவிடக் கூடாது. தமனி வீக்கம் வரும் ஆபத்து இவர்களுக்குத்தான் அதிகம். அதனால் அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல், கைக்குழந்தைக்குக் காரணம் புரியாத காய்ச்சல் ஏழு நாள் நீடித்தாலே, வேறு எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும், அழற்சிக்கான ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. அது அதிகமாக இருந்தால் எக்கோ எடுக்க வேண்டும்.

நம் 12 கிலோ பையனுக்கு வருவோம். ஆறாம் நாள் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எக்கோவில் தமனிகள் இயல்பாகத்தான் இருக்கின்றன. வீக்கம் இல்லையே, பொறுத்துப் பார்க்கலாமே என்று குடும்பம் கேட்பது இயல்பு. முதல் வாரத்து எக்கோ சுத்தமாக இருப்பது நல்ல செய்தி, அதற்குமேல் ஒன்றுமில்லை. வீக்கம் தெரிய ஆரம்பிப்பது பிறகுதான், உச்சத்துக்குப் போவது நான்கு முதல் ஆறு வாரங்களில். சுவர் அரிபடும் வேலைதான் இப்போது நடக்கிறது. அதை நிறுத்தும் மருந்தும் இப்போதுதான் வேலை செய்யும்.

அந்த மருந்து இம்யூனோகுளோபுலின். மருத்துவமனையில் ‘ஐவிஐஜி’ என்பார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்து, அதிலிருந்து எதிர்ப்புப் புரதங்களை மட்டும் பிரித்தெடுத்துச் செய்வது. ஜப்பானின் கோகுரா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த கென்ஷி ஃபுருஷோவும் அவருடைய குழுவினரும் இதைக் கவாசாகி குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1984-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஆஸ்பிரின் மட்டும் பெற்ற 45 பேரில் 19 பேருக்குக் கரோனரி தமனியில் கோளாறு வந்தது. ஆஸ்பிரினோடு இம்யூனோகுளோபுலினும் பெற்ற 40 பேரில் 6 பேருக்குத்தான் வந்தது. இரண்டாண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஜேன் நியூபர்கரின் குழு இன்னும் பெரிய ஆய்வில் இதை உறுதிசெய்தது. 1991-இல் அதே குழு, நான்கு நாள் பிரித்துக் கொடுப்பதைவிட ஒரே தடவையாகக் கொடுப்பது மேல் என்று காட்டியது. அன்றிலிருந்து அதுவே நடைமுறை. மருந்து பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தமனி வீக்கம் வரும். நோயின் பத்து நாட்களுக்குள் மருந்து ஏற்றினால் அது நூற்றுக்கு நான்கைந்து என்ற அளவுக்கு இறங்குகிறது.

கிலோவுக்கு 2 கிராம் என்பது கணக்கு. 12 கிலோ என்றால் 24 கிராம், அதாவது 5 கிராம் குப்பிகளில் ஐந்து. ஒரு குப்பியே பல ஆயிரம் ரூபாய் என்பதால், நடுத்தரக் குடும்பமும் கைபிசைந்து நிற்கும் இடம் இது. மெதுவாகத் தொடங்கி, 10 முதல் 12 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். நடுக்கம், தடிப்பு, ரத்த அழுத்தச் சரிவு வருகிறதா என்று செவிலியர் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். மறுநாள் தலைவலியும் வாந்தியும் வருவதுண்டு, அரிதாகச் சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகையும் வரும். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். மூன்று நாளாகச் சிரிக்காத குழந்தை பிஸ்கட் கேட்கும்.

எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. மருந்து முழுதும் ஏறி 36 மணி நேரம் கடந்தும் காய்ச்சல் நீடித்தாலோ திரும்ப வந்தாலோ, முதல் மருந்து போதவில்லை என்று பொருள். பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு இப்படி ஆகும், தமனி வீக்கம் வரும் ஆபத்தும் இவர்களுக்குக் கூடுதல். இன்னொரு முறை ஐவிஐஜி, ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்ஸிமாப் என்று அடுத்த ஆயுதங்கள் உண்டு. அபாயம் அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் மருந்தோடேயே ஸ்டீராய்டையும் சேர்த்தால் தமனிக்கு நல்லது என்று ஜப்பானிய ஆய்வு ஒன்று 2012-இல் காட்டியது. பத்து நாள் தாண்டி வந்துவிட்டால் கதவு அடைபட்டது என்றும் இல்லை. காய்ச்சலோ தமனி வீக்கமோ இருந்து, ரத்தத்தில் அழற்சியும் குறையாமல் இருந்தால் அப்போதும் கொடுப்பார்கள். ஆனால் அரித்துப்போன சுவரை எந்த மருந்தும் திரும்பக் கட்டித் தராது.

ஐவிஐஜியோடு ஆஸ்பிரினும் தொடங்கும். காய்ச்சல் தணிந்ததும் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் என்ற சிறு அளவுக்குக் குறைத்து, ஆறு முதல் எட்டு வாரம் வரை கொடுப்பார்கள். தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இது. இந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்கும் ஐபுபுரோஃபென் சிரப்பை எடுத்து ஊற்றக் கூடாது, அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். வீட்டில் யாருக்காவது ஃப்ளூவோ சின்னம்மையோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்தக் கிருமிகளும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வர இடமுண்டு. தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளைப் பொதுவாக 11 மாதம் தள்ளிப்போடுவார்கள். ஏற்றிய எதிர்ப்புப் புரதங்கள் ஊசியைப் பலிக்கவிடாது என்பதே காரணம்.

எக்கோ மறுபடியும் எடுக்க வேண்டும், ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு தடவை, ஆறு வாரத்தை ஒட்டி இன்னொரு தடவை. குழந்தை ஓடி ஆடும்போது எதற்கு என்று இரண்டாவதைத் தவிர்க்கும் குடும்பங்கள் உண்டு. அந்த ஆறாம் வாரத்து எக்கோவும் சுத்தம் என்றால் ஆஸ்பிரினை நிறுத்திவிடலாம்.

வீக்கம் வந்துவிட்டால் அளவுதான் தலைவிதியைச் சொல்லும். சிறிய வீக்கங்களில் பாதிக்கு மேல் ஓரிரு ஆண்டுகளில் பழைய விட்டத்துக்குச் சுருங்கிவிடுகின்றன. 8 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்ட ராட்சத வீக்கம் சுருங்குவது அரிது. அந்தக் குழந்தைக்கு ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்தும், அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும், அடிபடும் விளையாட்டுகளுக்குத் தடையும் வரும். கைக்குழந்தைக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தெரியாது. முகம் வெளிறும், வாந்தி எடுக்கும், நிறுத்தாமல் அழும். வீக்கம் இருப்பது தெரிந்த வீட்டில் இந்த மூன்றையும் அஜீரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2020-இல் கொரோனா பரவியபோது, இத்தாலியின் பெர்கமோவில் கவாசாகியைப் போன்ற நோயோடு குழந்தைகள் வரத் தொடங்கினார்கள். அது கொரோனாவுக்குப் பின் வரும் வேறொரு அழற்சி என்று பிறகு பெயர் பெற்றது. நம் ஊர்ச் செய்தித்தாள்களில் கவாசாகி என்ற சொல் பரவலாக அடிபட்டதும் அப்போதுதான். அந்த ஆண்டு ஜூனில் தோமிசாகு கவாசாகி தமது 95-ஆவது வயதில் காலமானார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சிறு வயதில் இந்த நோய் வந்திருந்தால் அந்த எக்கோ அறிக்கைகளையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். இருபது முப்பது வயதில் மாரடைப்போடு வந்து, படமெடுத்துப் பார்க்கும்போது மழலைப் பருவத்து வீக்கம் சுண்ணாம்பு கட்டிக் கிடப்பது தெரியவந்தவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அந்த இதய மருத்துவர் முதலில் கேட்கப்போவது, தமனி அப்போது எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்பதைத்தான்.